ஒன்றுக்கு ஒன்பது: ப்ளீச்சைத் தண்ணீரில் கலப்பதும் மொத்த அளவைக் கணக்கிடுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள கணக்கு எல்லாமே 5 சதவீத ப்ளீச்சை (சோடியம் ஹைபோகுளோரைட் திரவம்) 1:9 விகிதத்தில் நீர்க்கச் செய்து, ரத்தமோ மற்ற உடல் திரவமோ சிந்திய தரையைத் துடைக்கும் 0.5 சதவீதக் கரைசலாக்குவதைப் பற்றியது. வேறு அடர்திரவத்தைக் கலப்பவர்களுக்கும் கணக்கு இதேதான். எத்தனை பங்கு என்பதை மட்டும் அந்தந்த லேபிளைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

1:9 என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு மொத்தம் 5 லிட்டர் வேண்டும். 5-ஐ 9-ஆல் வகுக்க வேண்டுமா?

10-ஆல் வகுக்க வேண்டும். ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு, இரண்டும் சேர்ந்தால் வாளியில் பத்துப் பங்கு இருக்கிறது. 5 லிட்டர் என்பது 5000 மில்லி. அதைப் பத்தாக வகுத்தால் ஒரு பங்கு 500 மில்லி. ஆக ப்ளீச் 500 மில்லி, தண்ணீர் 4500 மில்லி. இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 5000 வர வேண்டும். இந்தக் கூட்டல் சரிபார்ப்பை ஒருபோதும் விடாதீர்கள், பெரும்பாலான தவறுகள் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

9-ஆல் வகுத்தால் 556 மில்லி என்று வரும். அதை ஊற்றிவிட்டு 5 லிட்டர் கோடு வரை தண்ணீர் விட்டால் கரைசல் 0.5 சதவீதத்துக்குப் பதில் சுமார் 0.56 சதவீதம் ஆகிவிடும். 9-ஆல் வகுப்பது எப்போதுமே தவறு என்றும் இல்லை. தண்ணீர் எவ்வளவு என்பது முதலிலேயே தெரிந்திருந்தால் 9-ஆல்தான் வகுக்க வேண்டும். எந்த எண்ணால் வகுப்பது என்பது நம் கையில் தெரிந்த அளவு எது என்பதைப் பொறுத்தது.

பாட்டிலில் 350 மில்லிதான் மிச்சம் இருக்கிறது. இதை வைத்து எவ்வளவு கரைசல் செய்யலாம்?

இங்கே தெரிந்தது ஒரு பங்கின் அளவு. பத்தால் பெருக்கினால் மொத்தம் 3500 மில்லி, அதாவது மூன்றரை லிட்டர். ஒன்பதால் பெருக்கினால் தேவையான தண்ணீர், 3150 மில்லி. வகுத்தல் எதுவும் இல்லாததால் இது எளிதான வகை. கலப்பதற்கு முன் மூன்றரை லிட்டர் கொள்ளும் பாத்திரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாளியில் ஏற்கெனவே 4 லிட்டர் தண்ணீர் பிடித்துவிட்டேன். எவ்வளவு ப்ளீச் ஊற்றுவது?

400 மில்லி என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் 4 லிட்டர் என்பது மொத்தம் அல்ல, அது ஒன்பது பங்குத் தண்ணீர். 4000-ஐ 9-ஆல் வகுத்தால் 444 மில்லி. ஊற்றி முடித்ததும் வாளியில் 4.444 லிட்டர் இருக்கும்.

444 மில்லியை அளப்பது சிரமம் என்றால், வாளியிலிருந்து 400 மில்லி தண்ணீரை வெளியே எடுத்துவிடுங்கள். மீதி 3600 மில்லி. அதில் 400 மில்லி ப்ளீச் சேர்த்தால் மொத்தம் சரியாக 4 லிட்டர். எண்கள் முழுதாக வரும்போது அளப்பதிலும் தவறு குறையும் என்பதால், இந்த வழியே நல்லது.

ஒரு பங்கு என்றால் எத்தனை மில்லி? லிட்டர் அளவே இல்லாத இடத்தில் என்ன செய்வது?

பங்குக்கென்று நிலையான அளவு கிடையாது. ஒரு டம்ளரை எடுத்தால் அந்த டம்ளர்தான் பங்கு. ஒரு டம்ளர் ப்ளீச், ஒன்பது டம்ளர் தண்ணீர். மொத்தம் பத்து டம்ளர். விகிதம் கெடாமல் இருக்க ஒரே ஒரு நிபந்தனை: ப்ளீச்சையும் தண்ணீரையும் அதே டம்ளரால், அதே மட்டம் வரை அளக்க வேண்டும். ப்ளீச்சை மூடியால் அளந்து தண்ணீரைக் குவளையால் அளந்தால் அது விகிதமே அல்ல. அளக்கப் பயன்படுத்திய டம்ளரை மறுபடி குடிக்க வைத்துக்கொள்ளாதீர்கள்.

லேபிளில் 1:9, வேறொரு இடத்தில் 1:10, இன்னொரு இடத்தில் பத்தில் ஒன்று. எல்லாம் ஒன்றா?

"1:9" என்பதும் "பத்தில் ஒன்று" என்பதும் ஒன்றே. குழப்பம் 1:10 என்று எழுதும்போதுதான் வருகிறது. சிலர் அதை "ஒரு பங்கு திரவம், பத்துப் பங்கு தண்ணீர், மொத்தம் 11" என்ற பொருளில் எழுதுகிறார்கள். ஆய்வகப் பழக்கம் உள்ளவர்கள் பலர் "மொத்தம் பத்தில் ஒரு பங்கு" என்று எழுதுகிறார்கள். அவர்களுக்கு அது நம்முடைய 1:9தான்.

வித்தியாசம் எவ்வளவு? 5 சதவீத ப்ளீச்சில் முதல் வகைக்கு 0.45 சதவீதம் கிடைக்கும், இரண்டாம் வகைக்கு 0.5. இது பெரிய விபரீதம் இல்லை. 1:100 போன்ற விகிதத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் எண்கள் சிறியதாகும்போது கதை மாறிவிடும்: 1:2 என்பதை ஒருவர் பாதிக்குப் பாதி என்றும், இன்னொருவர் மூன்றில் ஒன்று என்றும் படிக்கலாம். ஒன்று 50 சதவீதம், மற்றது 33. எனவே நீங்கள் பிறருக்கு எழுதிக் கொடுக்கும்போது விகிதத்தை மட்டும் எழுதாமல் "500 மில்லி ப்ளீச் + 4500 மில்லி தண்ணீர் = 5 லிட்டர்" என்று மூன்று அளவையும் எழுதுங்கள். அப்படி எழுதினால் தவறாகப் படிக்க வழியே இல்லை.

என் பாட்டிலில் 3.5 சதவீதம் என்று போட்டிருக்கிறது. இதற்கும் 1:9 தானா?

இல்லை. 1:9 என்பது 5 சதவீதத்தை 0.5 ஆக்குவதற்கு வந்த விடை. அந்த எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு வேறு பாட்டிலுக்குப் போகக் கூடாது. 3.5 சதவீதத்தை 1:9 கலந்தால் கிடைப்பது 0.35 சதவீதம்தான்.

எத்தனை பங்கு என்று கண்டுபிடிக்கும் முறை இது:

```
மொத்தப் பங்குகள் = பாட்டிலின் சதவீதம் ÷ வேண்டிய சதவீதம்
தண்ணீர்ப் பங்குகள் = மொத்தப் பங்குகள் − 1
```

5-ஐ 0.5-ஆல் வகுத்தால் 10. ஒன்றைக் கழித்தால் 9. இந்த 9 எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுதான் பதில். 3.5-ஐ 0.5-ஆல் வகுத்தால் 7, கழித்தால் 6, ஆகவே 1:6. அதே 5 லிட்டருக்கு இப்போது 5000-ஐ 7-ஆல் வகுக்க வேண்டும்: ப்ளீச் 714 மில்லி, தண்ணீர் 4286 மில்லி. 6 சதவீத பாட்டிலாக இருந்தால் மொத்தம் 12 பங்கு, தண்ணீர் 11 பங்கு.

ஒன்றைக் கழிக்க மறப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. அந்த "ஒன்று" வேறெதுவும் இல்லை, ப்ளீச் தானே எடுத்துக்கொள்ளும் இடம்.

எதை முதலில் ஊற்றுவது? வாளியில் கோடு போட்டு அளந்தால் போதாதா?

தண்ணீர் முதலில், ப்ளீச் பிறகு. ப்ளீச் மேல் தண்ணீரை வேகமாக விட்டால் அடர்திரவம் முகத்திலும் கையிலும் தெறிக்கும், நுரைக்கும். நுரை எழும்பிவிட்டால் மட்டக்கோடும் தெரியாது. கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். ஊற்றியபின் ஒரு குச்சியால் அடிவரை நன்றாகக் கலக்க வேண்டும், ஏனென்றால் ப்ளீச் தண்ணீரைவிடக் கனமானது. கலக்காவிட்டால் கீழே அடர்த்தியாகவும் மேலே வெறும் தண்ணீர் போலவும் நிற்கும்.

வாளியில் கோடு போடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தண்ணீரை அளக்க அந்தக் கோடு நன்றாகவே உதவும். லிட்டர் குவளையால் ஒவ்வொன்றாக ஊற்றி வெளிப்புறம் அடையாளம் போட்டுவிட்டால் தினமும் எண்ண வேண்டாம். ஆனால் "4.5 கோடு வரை தண்ணீர், அங்கிருந்து 5 கோடு வரை ப்ளீச்" என்று இரண்டையும் கோட்டை வைத்தே அளப்பது ஆபத்து. 28 சென்டிமீட்டர் விட்டம் உள்ள வாளியில் 500 மில்லி என்பது வெறும் 8 மில்லிமீட்டர் உயரம். பார்வை 4 மில்லிமீட்டர் பிசகினால் பாதி ப்ளீச் கூடிவிடும் அல்லது குறைந்துவிடும்.

அதே 4 மில்லிமீட்டர் பிசகு தண்ணீரில் நேர்ந்தால் என்ன ஆகும்? 4500 மில்லிக்குப் பதில் 4250 விழுந்திருக்கும். 500 மில்லி ப்ளீச்சோடு கரைசல் 0.53 சதவீதம் ஆகும், அவ்வளவுதான். ஒரே பிசகு, சிறிய அளவில் விழும்போது பெரிய தவறாகிறது. ஆகவே தண்ணீரை வாளிக் கோட்டால் அளக்கலாம், ப்ளீச்சை மட்டும் மில்லி குறியிட்ட ஒடுக்கமான குவளையால்தான் அளக்க வேண்டும். குவளையைச் சமதளத்தில் வைத்து, கண்ணைத் திரவத்தின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள்.

10 லிட்டர் வாளி வைத்திருக்கிறேன். 1 லிட்டர் ப்ளீச், 9 லிட்டர் தண்ணீர் சரிதானே?

கணக்கு சரி, ஆனால் வாளி விளிம்பு வரை நிரம்பிவிடும். கலக்கவும் முடியாது, தூக்கவும் முடியாது. 8 லிட்டரை மொத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்: 800 மில்லி ப்ளீச், 7.2 லிட்டர் தண்ணீர். வாளியின் கொள்ளளவும் நீங்கள் செய்யப்போகும் மொத்த அளவும் வேறு வேறு.

500 மில்லி ஸ்பிரே பாட்டிலுக்கு 50 மில்லி ஊற்றிவிட்டு மேலே தண்ணீர் நிரப்புகிறேன். இது போதுமா?

பாட்டிலில் 500 என்று போட்டிருந்தாலும் வாய் வரை நிரப்பினால் அதற்கு மேலேயும் கொள்ளும். உதாரணமாக 560 மில்லி கொள்கிறது என்றால், 50 மில்லி ப்ளீச் இப்போது 560-இல் கலந்திருக்கிறது, கரைசல் 0.45 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பாட்டிலை நிரப்பி அதை அளவாகக் கொள்ளாமல் 450 மில்லி தண்ணீரைத் தனியே அளந்து ஊற்றுங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஐந்து பாட்டில் வேண்டும் என்றால் ஒவ்வொன்றிலும் 50 மில்லி அளக்காமல், வாளியில் 250 மில்லி ப்ளீச்சும் 2250 மில்லி தண்ணீரும் கலந்து இரண்டரை லிட்டராக்கி, பிறகு பாட்டில்களில் ஊற்றுங்கள். 50 மில்லி அளக்கும்போது 5 மில்லி தவறினால் அது பத்து சதவீதம். 250 மில்லியில் அதே 5 மில்லி இரண்டே சதவீதம். எல்லாப் பாட்டிலும் ஒரே வலிமையில் இருக்கும் என்பது கூடுதல் லாபம்.

0.5 சதவீதக் கரைசலை இன்னும் மெலிதாக, 0.05 ஆக்க வேண்டும். மறுபடி 1:9 கலந்தால் மொத்தத்தில் 1:18 ஆகுமா, 1:81 ஆகுமா?

இரண்டும் இல்லை, 1:99. முதல் கலவையில் ப்ளீச் பத்தில் ஒன்று. அதிலிருந்து ஒரு பங்கு எடுத்து ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்தால் மறுபடி பத்தில் ஒன்று. பத்தும் பத்தும் பெருகி நூறில் ஒன்று ஆகிறது. நூறில் ப்ளீச் ஒன்று போக மீதி 99 தண்ணீர். அடுத்தடுத்துக் கலக்கும்போது மொத்தப் பங்குகளைத்தான் பெருக்க வேண்டும், தண்ணீர்ப் பங்குகளை அல்ல.

கையில் எடுத்துப் பார்த்தால் இப்படி: 0.5 சதவீதக் கரைசல் 1 லிட்டர் எடுத்து 9 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் 10 லிட்டர் 0.05 சதவீதம். பாட்டிலிலிருந்து நேரடியாகச் செய்தால் 100 மில்லி ப்ளீச்சும் 9.9 லிட்டர் தண்ணீரும். இரண்டு வழியிலும் உள்ளே போன ப்ளீச் 100 மில்லியே.

தப்பாகக் கலந்துவிட்டேன். கொட்டாமல் சரிசெய்ய முடியுமா?

உள்ளே போனது எவ்வளவு என்று தெரிந்தால் முடியும். தெரியாவிட்டால் முடியாது, புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

தண்ணீர் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்: 500 மில்லி ப்ளீச்சுக்கு 6 லிட்டர் தண்ணீர் போய்விட்டது. 6000-ஐ 9-ஆல் வகுங்கள், 667. அந்தத் தண்ணீருக்கு வேண்டிய ப்ளீச் அதுதான். 500 ஏற்கெனவே இருக்கிறது, இன்னும் 167 மில்லி சேர்த்தால் போதும். மொத்தம் சுமார் 6.67 லிட்டர்.

ப்ளீச் கூடிவிட்டால் தண்ணீரைக் கூட்ட வேண்டும். 800 மில்லி ப்ளீச்சுக்கு 4.5 லிட்டர் தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள் என்றால், வேண்டியது 800-இன் ஒன்பது மடங்கு, 7.2 லிட்டர். இன்னும் 2.7 லிட்டர் சேர்க்க வேண்டும். மொத்தம் 8 லிட்டர் ஆகும். வாளி 6 லிட்டர்தான் கொள்ளும் என்றால், நன்றாகக் கலக்கிவிட்டுக் கலவையை இரண்டு வாளியில் சரிபாதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 1.35 லிட்டர் தண்ணீர் சேருங்கள். ஒவ்வொன்றும் 4 லிட்டராக நிற்கும். கலக்காமல் பிரித்தால் ஒரு வாளிக்கு ப்ளீச் அதிகமாகப் போய்விடும்.

தராசில் எடை போட்டு 100 கிராம் ப்ளீச், 900 கிராம் தண்ணீர் என்று கலக்கலாமா?

விகிதம் கன அளவில் சொல்லப்பட்டிருந்தால் கன அளவிலேயே கலக்க வேண்டும். தண்ணீர் 100 கிராம் என்றால் 100 மில்லி. ப்ளீச் கனமானதால் 100 கிராம் என்பது 100 மில்லிக்குக் குறைவு. இந்த அளவுக்கு வேறுபாடு சிறியதுதான், ஆனால் தேனைப்போலக் கனமான அடர்திரவங்களில் அது பெரிதாகும்.

மொத்த அளவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒன்றும் ஒன்பதும் கூடினால் பத்து என்பது ப்ளீச்சுக்கு நடைமுறையில் பொருந்தும். எல்லாத் திரவத்துக்கும் அப்படியல்ல: அரை லிட்டர் தூய எத்தனாலையும் அரை லிட்டர் தண்ணீரையும் சேர்த்தால் ஒரு லிட்டர் வராது, சுமார் 965 மில்லிதான் வரும். மூலக்கூறுகள் நெருங்கி அடைந்துகொள்வதால் இப்படி ஆகிறது. துல்லியம் தேவைப்படும் ஆய்வகத்தில் அதனால்தான் "900 சேர்" என்று சொல்லாமல் "1000 கோடு வரை நிரப்பு" என்கிறார்கள்.

கலந்த கரைசல் எத்தனை நாள் தாங்கும்? வாசனை இருந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தமா?

ஒரு நாளைக்கு மேல் வைக்காதீர்கள். 24 மணி நேரம் கழித்து மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். வெயிலும் வெப்பமும் குளோரினைச் சிதைக்கும். அழுக்கும் ரத்தமும் அதைத் தின்றுவிடும், ஆகவே சிந்தியதை முதலில் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் கரைசலை ஊற்றி 10 நிமிடம் ஈரமாக விட வேண்டும். கழிப்பறை அமிலத்தோடோ அம்மோனியா உள்ள சுத்திகரிப்பானோடோ சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

வாசனையை நம்ப முடியாது; மிக மெலிந்த கரைசலும் மணக்கும். பாட்டிலே பழையதாகி 5 சதவீதம் 4 ஆகியிருந்தால், நீங்கள் எவ்வளவு கவனமாக 1:9 அளந்தாலும் 0.4 சதவீதம்தான் கிடைக்கும். அப்போது தேவை 1:7. இதை அறிய எளிய வழி குளோரின் சோதனைத் தாள்.

தாளில் அளவு பிபிஎம்-இல் இருக்கும்: 1 சதவீதம் 10,000 பிபிஎம் என்பதால் 0.5 சதவீதம் 5000 பிபிஎம். உங்கள் தாள் அவ்வளவு உயரம் வரை காட்டாது என்றால், கரைசலில் 10 மில்லி எடுத்து 90 மில்லி தண்ணீர் சேர்த்துச் சோதித்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். 500 காட்டினால் வாளியில் இருப்பது 5000. தாளை நேரடியாக அடர்ந்த கரைசலில் முக்கினால் அதன் நிறமே வெளுத்துப்போய்க் குளோரின் இல்லாததுபோல் காட்டலாம். அதைப் பார்த்து இன்னும் ப்ளீச் ஊற்றிவிடாதீர்கள்.